அழித்த பிறகும் ஒலிக்கும் குரல்: ஒரு ஸ்பேஸ் பதிவை நீக்கிய அனுபவம்

2023 ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அன்றிரவு எக்ஸ் தளத்தில் ஒரு ஸ்பேஸ் உரையாடலை நடத்தினேன். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் எட்டுப் பேர் பேசினார்கள். ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிடம் நீடித்தது. பதிவு செய்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னேன். திரையிலும் பதிவாகிறது என்ற அடையாளம் இருந்தது. எல்லோரும் சம்மதித்தார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு, அதில் பேசிய அம்மா ஒருவர் அழைத்தார்.

"பிள்ளை, உந்த ரெக்கோடிங்கை எடுத்துவிட ஏலுமோ? சின்னவன்ரை கடையிலை வந்து விசாரிச்சிருக்கினம்."

2009 மே மாதம் இராணுவத்திடம் கையளித்த மூத்த மகனைப் பற்றித்தான் அவர் அன்று பேசியிருந்தார். அதை அவர் 2017 முதல் வீதியோரப் போராட்டக் கொட்டிலில் இருந்தபடி எத்தனையோ கமராக்களுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அதில் அவருக்குப் பயம் இல்லை. ஆனால் 47ஆவது நிமிடத்தில், பேச்சுவாக்கில், இளைய மகன் எந்தச் சந்தியில் என்ன கடை வைத்திருக்கிறான் என்பதையும் சொல்லிவிட்டார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் அன்று இடைமறித்திருப்பேனா என்பது சந்தேகம். அழுதுகொண்டிருந்த ஒருவரிடம் "அம்மா, கடையின் பெயரைச் சொல்லாதீர்கள்" என்று சொல்லும் துணிவு எனக்கு வந்திருக்காது.

விசாரித்தவர்கள் யார், அந்தப் பதிவைக் கேட்டுத்தான் வந்தார்களா என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் 2020, 2021இல் முகநூல் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டதைப் பார்த்த ஒரு குடும்பத்துக்கு உறுதி தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தோடு 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. எது போகவேண்டும் என்று அரசின் ஆணைக்குழு ஒன்று உத்தரவிடுவதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. தன் குரல் போகவேண்டும் என்று ஒரு தாய் கேட்கும்போது நடப்பது வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடனே அழித்துவிடுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பொத்தானில் விரலை வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பதிவு மட்டுமா வெளியே இருக்கிறது?

அன்றிரவே நான் செய்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். பேச்சின் முக்கிய பகுதிகளை வெட்டி, படம் சேர்த்து, நான்கு சிறிய காணொளிகளாக எக்ஸில் போட்டிருந்தேன். அவற்றையே மூன்று வட்சப் குழுக்களுக்கும் அனுப்பியிருந்தேன். யார் என்ன சொன்னார் என்ற ஆறு பக்கக் குறிப்பைக் கூகுள் டொக்ஸில் எழுதி, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்து விட்டிருந்தேன். அதே குறிப்பைப் பிடிஎப் கோப்பாகப் பதினொரு பேருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தேன். ஸ்பேஸ் பதிவை அழித்தால் இவற்றில் ஒன்றுகூட அசையாது. வெட்டியெடுத்து மறுபடி ஏற்றிய துண்டு ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. தாய்ப்பதிவு போனாலும் அது இருக்கும். அந்த நான்கில் ஒன்றில் கடை வருகிறது. குறிப்பின் நான்காம் பக்கத்திலும் வருகிறது. அதை எழுதியவள் நான்தான்.

எனவே முதலில் அழிக்கவில்லை, தேடினேன். இந்த வரிசை முக்கியம். பதிவு இருக்கும்போது அதன் முகவரியை எக்ஸின் தேடலில் இட்டால், யார் யார் பகிர்ந்தார்கள் என்று ஓரளவு பிடிக்கலாம். ஒவ்வொரு கணக்கையும் எழுதிவைத்தேன். முழு உரையாடலையும் யூரியூப்பில் ஏற்றியிருந்த, கனடாவிலிருந்து இயங்கும் ஒரு சனலும் அப்படித்தான் அகப்பட்டது. முதலே அழித்திருந்தால், என்னிடம் இல்லை என்ற நிம்மதியோடு இருந்திருப்பேன். அது அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்த கேள்வி, 47ஆவது நிமிடத்தை மட்டும் வெட்ட முடியாதா என்பது. ஸ்பேஸ் பதிவில் நடத்துநர் தொடக்க நேரத்தை முன்பின் நகர்த்தலாம், ஆரம்பத்தின் வெற்றுப் பேச்சைத் தவிர்க்க அது உதவும். நடுவிலிருந்து ஒரு நிமிடத்தை எடுக்க வழியில்லை. முழுவதும் இருக்கவேண்டும், அல்லது முழுவதும் போகவேண்டும். மற்ற ஏழு பேரின் சாட்சியமும் சேர்ந்துதான் போகும்.

நமக்கு இது சின்ன விடயம் அல்ல. ஆணைக்குழுக்கள் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போன மக்கள் இவர்கள். சொன்னதற்குப் பதிவு இல்லாமல் போவது அவர்களுக்குப் புதிதல்ல. அதை நானும் செய்யலாமா? அந்த அம்மாவையே திரும்ப அழைத்துக் கேட்டேன். "வெளியிலை கிடக்க வேண்டாம், ஆனா அழியவும் வேண்டாம்" என்றார். மற்ற ஏழு பேரிடமும் கேட்டேன். ஒருவருக்கு மட்டும் மனம் இல்லை. கடைசியில் அவரும் சரி என்றார்.

ஆகவே அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்தேன். எக்ஸில் நம் கணக்கின் தரவுகளைக் கேட்டுப் பெறலாம், ஆனால் அது வந்துசேர ஒரு நாளோ கூடவோ எடுக்கும். கணினியில் yt-dlp என்ற இலவச மென்பொருள் இருந்து, Firefox உலாவியில் எக்ஸ் கணக்குக்குள் நுழைந்தும் இருந்தால் ஒரு வரியில் முடியும்:

```
yt-dlp --cookies-from-browser firefox "https://x.com/i/spaces/ஸ்பேஸின்-குறியீடு"
```

ஒலிக்கோப்பு இறங்கியது. தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேட்டுச் சரிபார்த்த பிறகு அதைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டினேன். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. எனக்கு ஒரு வரியில் முடிந்தது வேறு எவருக்கும் ஒரு வரியில் முடியும். பதிவு பொதுவில் இருந்த மூன்று கிழமைக்குள் யார் யார் இறக்கினார்கள் என்பதை எக்ஸ் எனக்குக் காட்டாது.

பிறகுதான் அழித்தேன். பதிவின் விவரப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் Delete recording என்று வரும். நான்கு துண்டுகளையும் தனித்தனியாக நீக்கினேன். பிறகு என் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொருவரின் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு முகவரியையும் திறந்து பார்த்தேன். நம் தொலைபேசியில் போய்விட்டது என்று காட்டுவதை மட்டும் நம்பக்கூடாது.

நிறுவனத்தின் சேவையகத்தில்? விதிமீறல்களைப் பரிசீலிப்பதற்காக, ஸ்பேஸ் முடிந்து 30 நாள்கள் வரை ஒலியின் பிரதியை வைத்திருப்போம் என்றும், மீறல் கண்டால் மேலும் 90 நாள்கள் வைத்திருப்போம் என்றும் அவர்களின் உதவிப் பக்கம் சொல்கிறது. இது பதிவு செய்யாத ஸ்பேஸுக்கும் பொருந்தும். "ரெக்கோட் பண்ணேல்லை, பயமில்லாமல் கதையுங்கோ" என்று சொல்லும் நடத்துநர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்டுக்கொண்டிருப்பவர் இன்னொரு தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தாலே பதிவாகிவிடும் என்பது வேறு கதை.

கூகுள் குறிப்பில்தான் நான் ஏமாந்தேன். கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைத்தேன். சோதித்தபோது மற்றவரின் தொலைபேசியில் அது அப்படியே திறந்தது. உரிமையாளர் குப்பைக்கு அனுப்பிய கோப்பு அங்கே 30 நாள்கள் இருக்கும். அதுவரை, அல்லது நாமாக நிரந்தரமாக நீக்கும்வரை, பகிரப்பட்டவர்களால் அதைப் பார்க்க முடியும். முதலில் பகிர்வை "Restricted" என்று மாற்றவேண்டும், பிறகு குப்பைக்கு அனுப்பி, அங்கிருந்தும் நீக்கவேண்டும். இதற்கிடையில் யாராவது பிரதி எடுத்திருந்தால் அது அவருடைய கோப்பு. நம் கை எட்டாது. பார்ப்பவர்கள் இறக்கவும் பிரதி எடுக்கவும் முடியாதபடி ஆரம்பத்திலேயே தடுக்கலாம். நான் தடுக்கவில்லை.

வட்சப்பில் எல்லோருக்கும் நீக்குவதற்கு இரண்டரை நாள் அளவுதான் அவகாசம். அது எப்போதோ கடந்துவிட்டது. மூன்று குழுக்களிலும் ஒரு செய்தி போட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. கடை, மகன் என்று எழுதினால், அதுவரை கவனிக்காதவர்களும் தேடிக் கேட்பார்கள். "பேசியவரின் வேண்டுகோளின்படி ஓகஸ்ட் 30 துண்டுகளைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், கலரியிலும் பாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். கலரியைச் சொல்லக் காரணம், பலரின் தொலைபேசியில் காணொளி தானாகவே அங்கேயும் சேமிக்கப்படுவது. உரையாடலில் அழித்தாலும் அது அங்கே மிஞ்சக்கூடும்.

யூரியூப் சனல்காரர் முதலில் கோபித்தார். வரலாற்றை அழிக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்தச் சந்தியில் கடை வைத்திருப்பது அவர் இல்லை. தனியுரிமை முறைப்பாடு செய்யலாம், ஒருவரின் குரலும் அதில் அடங்கும். ஆனால் பாதிக்கப்பட்டவரே முறைப்பாடு செய்யவேண்டும் என்பதே பொது விதி. கணினி வசதி இல்லாதவர் போன்ற சிலருக்காக மட்டும் இன்னொருவர் செய்யலாம். அந்த வழிக்குப் போகவில்லை. யூரியூப்பில் ஏற்றிய காணொளியின் நடுவிலிருந்தும் ஒரு பகுதியை வெட்டலாம் என்பதைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அந்த அம்மா பேசிய பதினொரு நிமிடத்தையும் வெட்டிவிட்டார். மற்ற ஏழு பேரின் குரலும் இன்று இருப்பது அவருடைய சனலில்தான். நான் அழித்தது அவரிடம் மிஞ்சியிருக்கிறது.

ஒன்றை இடையில் சொல்லவேண்டும். பொலிஸிடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ எழுத்தில் ஏதாவது வந்திருந்தால் இவை எதையும் நான் தனியாகச் செய்திருக்கமாட்டேன். விசாரணை தொடங்கியபின் அழிப்பதைச் சாட்சியத்தை மறைத்ததாகக் காட்டமுடியும். அப்படியானால் முதலில் போகவேண்டியது சட்டத்தரணியிடம்.

இப்போது ஸ்பேஸ் நடத்தும்போது மூன்று விடயங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தவர்களோடு முன்னரே தனியாகப் பேசி, உயிரோடு இருப்பவர்களின் பெயர், தொழில், இடம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துண்டுகளை அதே இரவில் போடுவதில்லை, பேசியவர் கேட்டுச் சரி சொன்ன பிறகே போடுகிறேன். எதை யாருக்கு அனுப்பினேன் என்று ஒரு கொப்பியில் எழுதுகிறேன். அன்று அந்தக் கொப்பி இருந்திருந்தால் நான்கு நாள் வேலை ஒரு நாளில் முடிந்திருக்கும்.

பூட்டிய பிரதியை ஒரு பென்டிரைவில் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படித் திறப்பது என்று இளைய மகனுக்குக் காட்டினேன். அவர் அதைக் கையளித்த நாளின் கடிதங்கள் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். பிடிஎப் அனுப்பிய பதினொரு பேரில் ஒன்பது பேர் அழித்துவிட்டோம் என்று பதில் எழுதினார்கள். மற்ற இருவருக்கும் மூன்று தடவை எழுதினேன். பதில் இல்லை.