வாடகை வீட்டு நட்டம் சம்பள வரியைக் கரைக்காது

கடன் வாங்கி இரண்டாவதாக ஒரு வீடு வாங்குங்கள், அதை வாடகைக்கு விடுங்கள், வட்டி முழுவதும் சம்பளத்தில் கழிந்துவிடும், வரியே வராது: மாதச் சம்பளக்காரர்களிடம் இன்றும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் இது உண்மையாகவும் இருந்தது. 2016-17 நிதியாண்டு வரை, வாடகைக்கு விட்ட வீட்டின் நட்டம் எவ்வளவு பெரிதானாலும் அந்த ஆண்டுச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். 2017 நிதிச் சட்டம் அதற்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்று வரம்பு கட்டியது. சட்டம் மாறிவிட்டது. பழைய சட்டத்தை நம்பி இருபது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மட்டும் மாறவில்லை.

வரம்பு எங்கே கடிக்கிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணை. மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். முதல் வருட வட்டி மட்டும் ஏறக்குறைய 5,05,000. வாடகை மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000. இதில் கட்டிய சொத்து வரி 5,000 போக மீதி 1,75,000. பராமரிப்புக்கென்று சட்டமே தரும் 30 சதவீதக் கழிவு 52,500 போனால் 1,22,500. அதிலிருந்து வட்டியைக் கழித்தால் நட்டம் 3,82,500. சம்பளத்தில் கழிவது 2 லட்சம்தான். முப்பது சதவீத வரி கட்டுபவருக்குச் செஸ்ஸோடு சேர்த்து 62,400 ரூபாய் மிச்சம். ஆனால் வட்டிக்கும் வாடகைக்கும் இடையில் அவர் கையிலிருந்து போட்டது 3,30,000. வரிச் சலுகை போகவும் 2,67,600 ரூபாய் பையிலிருந்து போயிருக்கிறது. அசலுக்குக் கட்டியது இதில் சேரவில்லை.

மிஞ்சிய 1,82,500 வீணாகாது, அடுத்த எட்டு வருடங்களுக்கு எடுத்துச் செல்லலாம் என்பார்கள். எடுத்துச் செல்லலாம்தான், ஆனால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். அந்த வீடு வருமானம் காட்ட வேண்டுமே! வாடகையை வருடம் 5 சதவீதம் ஏற்றினாலும் ஒன்பதாம் வருடத்தில் அது மாதம் 22,000 சொச்சம். அந்த வருட வட்டியோ இன்னும் 3,90,000 அளவில் நிற்கும். 30 சதவீதக் கழிவு போக அந்த வட்டிக்கு ஈடுகட்ட வேண்டுமானால் மாதம் 46,000க்கு மேல் வாடகை வர வேண்டும். ஆகவே முதல் வருடத்து மிச்ச நட்டம் கழிக்கப்படாமலேயே எட்டு வருடத்தில் காலாவதியாகிறது. வேறு வாடகை வீட்டில் லாபம் வருபவருக்குத்தான் அது உதவும்.

இதெல்லாம் பழைய வரிமுறையில். 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பானது. பழையது வேண்டுமென்றால் நாமே கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியதில் வாடகை அளவுக்கு வட்டி கழியும், அதற்கு மேல் வரும் நட்டத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பளத்தில் கழியாது, அடுத்த வருடத்துக்கும் போகாது. அப்படியானால் 2 லட்சத்துக்காகப் பழையதிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். 18 லட்சம் சம்பளத்துக்கு 2025-26 விகிதங்களில் போட்டுப் பாருங்கள். பழையதில் நிலைக்கழிவு 50,000, வீட்டு நட்டம் 2 லட்சம், பிஎஃப், காப்பீடு வகையில் 1.5 லட்சம் எல்லாம் கழித்த பிறகும் வரி 2,41,800. புதியதில் நிலைக்கழிவு 75,000 மட்டும் கழித்து வரி 1,50,800. நட்டத்தைக் காப்பாற்றப் போய் 91,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. வாடகைப்படி, மருத்துவக் காப்பீடு என்று வேறு பெரிய கழிவுகள் இருப்பவருக்கே கணக்கு திரும்பும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 2 லட்சம் கிடைக்கும் என்ற வாதம் சரியானதே. ஆனால் பத்திரத்திலும் கடனிலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும், இருவரும் தங்கள் பங்கு வட்டியைக் கட்ட வேண்டும், இருவரும் பழைய வரிமுறையில் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்க வேண்டும். வாடகையில் லாபம் வந்தால் முழுவதற்கும் வரி போடும் அரசு, நட்டத்துக்கு மட்டும் வரம்பு கட்டுவது அநியாயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறையை நிதியமைச்சகத்திடம் எழுப்ப வேண்டும், அது சரியாகும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. மனையின் விலை ஏறுமே என்பது கடைசி வாதம். ஏறலாம். அப்படியென்றால் வாங்கும் விலை, எதிர்பார்க்கும் விலை, இருபது வருட வட்டி என்று முதலீட்டுக் கணக்காக அதைப் போடுங்கள். அந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தில் வரி மிச்சம் என்ற வரி பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு இன்று பூஜ்யம்.