வானத்துக்குக் கொஞ்சம், கல்லுக்குக் கூடுதல்!

விடியற்காலையில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை போனில் எடுத்திருப்பீர்கள். கிழக்கே கடல், பின்னால் வெளுக்கும் வானம். நம் பக்கம் இருக்கும் மேற்குச் சுவரோ நிழலில். வீட்டுக்கு வந்து ரா ஃபைலைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினால், வானம் சுத்தமாக இருக்கும். கல்லில் மட்டும் மணல் தூவியது போலப் புள்ளிகள். இதுதான் நாய்ஸ். ஒரே படத்தில் ஏன் இந்த வித்தியாசம்?

தூறலில் மொட்டை மாடியில் பத்து டம்ளர்களை வையுங்கள். எல்லாவற்றிலும் சரிசமமாகத் துளி விழாது. ஒளியும் அப்படித்தான், ஃபோட்டான் என்ற துகள்களாக வந்து விழுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் ஷாட் நாய்ஸ். விழுந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அதன் அளவு. இது கேமராவின் குறையல்ல, ஒளியின் இயல்பு. டம்ளரில் விழுந்ததை அளக்கும்போது வரும் பிசகு வேறு. சென்சார் தன் கணக்கைப் படிக்கும்போது சேரும் அந்தப் பிசகுக்கு ரீட் நாய்ஸ் என்று பெயர். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் இது ஏறக்குறைய மாறாது.

ஓர் உதாரணக் கணக்கு. ரீட் நாய்ஸ் 3 என்று வைத்துக்கொள்வோம். வானத்தில் ஒரு பிக்சலுக்கு 900 ஃபோட்டான் என்றால் ஷாட் நாய்ஸ் 30. இரண்டையும் அப்படியே கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 30-ஐச் சற்றே தாண்டும், அதாவது மூன்று சதவிகிதம். நிழல் கல்லில் 16 ஃபோட்டான்தான். ஷாட் நாய்ஸ் 4, ரீட் நாய்ஸ் 3, சேர்ந்து 5. அது 31 சதவிகிதம்!

அதனால் டீநாய்ஸ் ஸ்லைடரை மொத்தப் படத்துக்கும் ஒரே அளவில் இழுக்காதீர்கள். எடிட்டிங் ஆப்பில் மாஸ்க் வசதி இருந்தால், வானத்துக்குக் கொஞ்சமாகவும் நிழல் சுவருக்குக் கூடுதலாகவும் கொடுங்கள். ஆனால் உப்புக் காற்று அரித்த அந்தக் கல்லின் சொரசொரப்பும் நாய்ஸைப் போலவே தெரியும். ஸ்லைடருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கல் மெழுகு பூசியது போலவும், சிற்பத்தின் ஓரங்கள் கரைந்தது போலவும் தெரிந்தால் அளவு மீறிவிட்டது. சிற்பம் திரும்பும் வரை குறையுங்கள். மிச்சமிருக்கும் புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைவிட நல்ல வழி, எடுக்கும்போதே ஒளியைக் கூட்டுவது. போனை ட்ரைபாடில் வைத்து ஷட்டர் நேரத்தை நான்கு மடங்காக்கினால் கல்லுக்கு 64 ஃபோட்டான் கிடைக்கும். ரீட் நாய்ஸ் அதே 3. மொத்த நாய்ஸ் எட்டரை, அதாவது 13 சதவிகிதம்தான். வானம் வெளுத்துப் போகாத வரை நேரத்தை நீட்டலாம். எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டினாலோ, கல்லோடு நாய்ஸும் சேர்ந்தே பெரிதாகும்.

உங்கள் போனின் ரீட் நாய்ஸைப் பார்க்க ஆசையா? லென்ஸை நன்றாக மூடிக்கொண்டு, குறைந்த ஷட்டர் நேரத்தில் ஒரு ரா படம் எடுங்கள். ஆப்பில் வெளிச்சத்தை மேலே ஏற்றுங்கள். ஒளியே இல்லாத படத்தில் தெரியும் புள்ளிகளும் கோடுகளும் பெரும்பாலும் அதுதான்.