பெயர் ஒண்ணு, முதலாளி வேற: பெயர்ப்பலகைக்குக் கீழே எது மாறக்கூடாது?

2017 பிப்ரவரியில் மலேசியாவின் பேரங்காடிகளில் ஒரு வினோதம் நடந்தது. முதல் நாள் 'சாடைம்' என்ற பெயரில் பபிள் டீ விற்ற கடை, அடுத்து பார்க்கும்போது 'டீலைவ்' ஆகியிருந்தது. ஒரு கடை, இரண்டு கடை இல்லை. நாடு முழுவதும் 160க்கும் மேற்பட்ட கடைகள். அதே இடம், பெரும்பாலும் அதே ஊழியர்கள், கப்பின் மேல் மூடி ஒட்டும் அதே இயந்திரம். பெயர்ப்பலகை மட்டும் வேறு.

அப்போது அங்கே டீ வாங்கியவராக நீங்கள் இருந்திருந்தால் ஒரு கேள்வி வந்திருக்கும். இத்தனை நாளும் நான் காசு கொடுத்தது எதற்கு? அந்தப் பெயருக்கா, அந்தக் கடைக்கா?

சாடைம் என்ற பெயர் தைவானின் லா காஃபா நிறுவனத்துக்குச் சொந்தம். மலேசியாவில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை 2011இல் லூப் ஹோல்டிங் என்ற உள்ளூர் நிறுவனம் வாங்கியது. கடைகளைத் திறந்ததும் வளர்த்ததும் லூப்தான். 2017 ஜனவரியில் லா காஃபா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பணம் செலுத்துவது பற்றியும் மூலப்பொருள்களை எங்கிருந்து வாங்குவது என்பது பற்றியும் இரு தரப்புக்கும் தகராறு. யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் சண்டைக்குள் வந்த ஒரு பொருளைக் கவனியுங்கள்: மூலப்பொருள். ஏன் அதற்காக இவ்வளவு பெரிய சண்டை?

<b>சாலையோரக் கடையின் கணக்கு</b>

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கடைக்குப் போவோம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஓர் ஓய்விடம். அங்கே பிரபலமான பெயரில் ஒரு பபிள் டீ கடை. நடத்துபவர் அந்தப் பெயரின் சொந்தக்காரர் இல்லை. தன் சேமிப்பைப் போட்டு ஃபிரான்சைஸ் எடுத்தவர். நம்ம மாதிரி ஒருத்தர்தான்.

மரவள்ளி மாவில் செய்த முத்துகளுக்கு ஆயுள் கம்மி. கொதிக்கவைத்து, மூடி ஊறவைத்து, சர்க்கரைப் பாகில் போடவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதன்பின் சுமார் 4 மணி நேரத்துக்குள் விற்றுவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாக உள்ள வழக்கம். நேரம் தாண்டினால் மாவுச்சத்து இறுகத் தொடங்கும். கடிக்கும்போது வெளியே கொழகொழ, உள்ளே சின்னதாக ஒரு கடினம். சாப்பிட்டிருப்பீங்க, தெரியும்.

இரவு 8 மணி. பானையில் பாதி முத்து மிச்சம். 4 மணி நேரம் முடிந்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாக வேகவைக்கணும் என்பது விதி. கொட்டாமல் விட்டால் ஒரு நாளைக்கு 15 ரிங்கிட் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 450, வருடம் 5,400 ரிங்கிட். முழுப் பணமும் அவர் பைக்குத்தான்.

நஷ்டம் யாருக்கு? அந்த இரவு மோசமான டீ குடித்தவர் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இந்த ஓய்விடத்துக்கு மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. அதனால் அவருடைய கோபம் இந்தக் கடைக்காரரை எட்டுவதே இல்லை. ஆனால் அடுத்த வாரம் கிள்ளான் பேரங்காடியில் அதே பெயரைப் பார்த்ததும் "இது வேணாம்பா" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அங்கே நேரம் பார்த்து, முத்தைக் கொட்டி, ஒழுங்காகக் கடை நடத்தும் இன்னொருவருக்குத்தான் அடி. ஏன் வியாபாரம் குறையுது என்று அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஃபிரான்சைஸின் அடிப்படைச் சிக்கலே இதுதான். மிச்சம் பிடித்தது ஒருவருக்கு; கெட்ட பெயர் எல்லாருக்கும். வாடிக்கையாளர் திரும்பி வராத இடங்களில், அதாவது நெடுஞ்சாலை, விமான நிலையம், சுற்றுலாத் தலம் போன்ற இடங்களில், இந்தச் சபலம் இன்னும் அதிகம். குடியிருப்புப் பேட்டைக்குக் கீழே இருக்கும் கடையில் அது குறைவு. அங்கே மோசமாக விற்றால் நாளைக்கே முகத்துக்கு நேராகக் கேட்பார்கள்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. காசு கொடுப்பதற்கு முன் உங்களால் சோதித்துப் பார்க்க முடியாதது, ஒரு கடை குறைத்தால் மற்ற கடைகள் அடிவாங்குவது. இந்த இரண்டும் சேர்ந்த விஷயங்கள்தான் அந்தப் பெயருக்குக் கீழே மாறக்கூடாதவை. தேயிலையின் தரம், முத்தின் வயது, 'பாதிச் சர்க்கரை' என்றால் எவ்வளவு சர்க்கரை, சமையலறைச் சுத்தம் எல்லாம் இதில் அடங்கும்.

உங்கள் கண்ணுக்குத் தெரிவது மாறினால் அவ்வளவு ஆபத்தில்லை. விமான நிலையத்தில் விலை கூடுதலாக இருக்கலாம். பலகையில் எழுதியிருக்கிறது, வேண்டாமென்றால் போய்விடலாம். ஒரு கடையில் உட்கார இடம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஊருக்கு ஏற்ற மாதிரி ஒரு சுவையைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

ஹலால் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. சிங்கப்பூரில் முயிஸ் உணவுக்கடைகளுக்குத் தரும் ஹலால் சான்றிதழ் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி. பெயர் ஒன்று என்பதாலேயே எல்லாக் கிளைக்கும் சான்றிதழ் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுவரில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

<b>தலைமையகம் எப்படிக் கண்டுபிடிக்கும்?</b>

வாடிக்கையாளர் மாதிரி ஆள் அனுப்பி டீ வாங்கிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. அதைவிடக் கூர்மையான ஆயுதம் கப்.

நம்ம கற்பனைக் கடை ஒரு மாதத்தில் 6,000 கப் விற்றதாகக் கல்லாக் கணக்கு சொல்கிறது. ஆனால் தலைமையகத்திலிருந்து வாங்கிய தேயிலை 4,000 கப்புக்குத்தான் போதும். அப்படியென்றால் டீயை நீர்க்கவிட்டிருக்கிறார், இல்லையென்றால் வெளியே மலிவான தேயிலை வாங்கியிருக்கிறார். சரி, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வாங்கிய கப் 6,000, கல்லாவில் பதிவான விற்பனை 4,000. சேதாரம் என்று கொஞ்சம் கழித்தாலும் இடிக்கும். இது டீயின் தரம் பற்றிய பிரச்சினை இல்லை, விற்பனையை மறைத்திருக்கிறார். ஏனென்றால் பெயருக்கான கட்டணம், அதாவது ராயல்டி, பெரும்பாலும் விற்பனையில் ஒரு விழுக்காடு. லாபத்தில் இல்லை.

இதனால்தான் பல ஒப்பந்தங்களில் 'எங்களிடம்தான் வாங்கணும்' என்ற நிபந்தனை இருக்கிறது. தேயிலை, முத்து, பாகு என்றால் நியாயம் புரிகிறது. பெயர் அச்சிட்ட கப்பும் சரி. ஆனால் கைத்துடைக்கும் தாள், தரை கழுவும் திரவம், சாதாரண சர்க்கரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனால் ஒரு சந்தேகம் வரணும். கடையில் கிடைப்பதைவிட விலையும் கூடுதலாக இருந்தால் அது பெயரைக் காப்பாற்ற இல்லை; தலைமையகத்துக்கு இரண்டாவது வருமானம். மேலே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள்: கைத்துடைக்கும் தாளை மாற்றினால் கிள்ளான் கடைக்காரர் அடிவாங்குவாரா? 'தரம்' என்ற சொல்லை இரண்டு பக்கமும் தங்கள் வசதிக்கு இழுப்பார்கள் என்பது என் கருத்து.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டம் இருக்கிறது. ஃபிரான்சைஸ் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே அது ஒரு முக்கியமான விஷயத்தைச் சேர்க்கிறது: ஒப்பந்தக் காலம் முழுக்க, கடை எப்படி நடக்கிறது என்பதைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும் உரிமை பெயர் கொடுத்தவருக்கு இருக்கவேண்டும். பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கிவிடுவது ஃபிரான்சைஸ் ஆகாது.

சிங்கப்பூரில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவும் வர்த்தக முத்திரைச் சட்டமும்தான் பேசும். ஆகவே இங்கே கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படிப்பது இன்னும் முக்கியம்.

மலேசியச் சட்டத்தின் 27ஆம் பிரிவுதான் டீலைவ் கதையின் திருப்பம். ஃபிரான்சைஸ் எடுத்தவர், ஒப்பந்தம் நடக்கும்போதும் முடிந்தபின் 2 ஆண்டுகளுக்கும் அதைப் போன்ற தொழிலைச் செய்யக்கூடாது. பெயர்ப்பலகையைக் கழற்றினால் மட்டும் போதாது என்று அர்த்தம். பெயரோடு கற்றுக்கொண்ட செய்முறையும் உங்களுடையது இல்லை என்று சட்டம் பார்க்கிறது.

2018 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் லா காஃபா பக்கம் நின்று, லூப் அதே மாதிரித் தொழிலைத் தொடரத் தடை விதித்தது. நூற்றுக்கணக்கான ஊழியர்களின் வேலை ஒரே நாளில் கேள்விக்குறி. பிறகு அதே ஆண்டு இரு நிறுவனங்களும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. டீலைவ் கடைகள் தொடர்ந்தன. சாடைம் பெயரும் வேறொருவர் மூலம் மலேசியாவில் கடை போட்டது.

சிங்கப்பூரிலும் அதே 2017இல் கிட்டத்தட்ட இதே காட்சி. 'கொங் சா' என்ற பெயரில் ஏறக்குறைய 80 கடைகளை நடத்திய உள்ளூர் நிறுவனம் அவற்றை 'லீஹோ' என்று மாற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கொங் சா புதியவர்களுடன் திரும்பி வந்தது. வரிசையும் நின்றது. இடம், ஊழியர், அனுபவம் எல்லாம் ஒரு பக்கம். பெயரும் சுவையும் இன்னொரு பக்கம். இரண்டுக்குமே ஆள் இருந்தார்கள் என்பதுதான் இந்த இரண்டு கதைகளிலும் சுவாரசியம்.

நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஃபிரான்சைஸ் எடுக்கப்போறீங்கன்னா, கடையின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. தலைமையகத்திடம் கட்டாயமாக வாங்கவேண்டிய பொருள்களின் முழுப் பட்டியலையும் விலையையும் கேளுங்கள். விலகினால் எத்தனை ஆண்டு, எந்தத் தொழிலைச் செய்யக்கூடாது என்று கேளுங்கள். அப்புறம் பலரும் கேட்காத ஒன்று: விதியை மீறும் கடைகளை இதுவரை என்ன செய்தீர்கள்? பக்கத்து ஊர்க் கடைக்காரர் பழைய முத்தை விற்றால், அடிவாங்கப்போவது நீங்கள்.

டீ வாங்க மட்டும் போகிறவராக இருந்தால், முத்துப் பானையின் மேல் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வேகவைத்த நேரமும் கொட்டவேண்டிய நேரமும் அதில் எழுதியிருக்கும்.