கால் வீங்கினால் சிறுநீரகம் கெட்டதா?

மளிகைக் கடைக்காரர் ஒருவர். வயது 58. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வந்தார். கொதிப்பு 150-க்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் 10 ஆக உயர்த்தினார். கொதிப்பு 130-க்கு வந்தது. ஆனால் சில வாரங்களில் மாலையானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கின. செருப்பு இறுகியது. காலையில் வீக்கம் வடிந்துவிடும்.

"சிறுநீரகம் கெட்டுப்போச்சு அண்ணாச்சி! நீர் மாத்திரை போடுங்க" என்றார் பக்கத்துக் கடைக்காரர். யோசனை சொல்ல நம்மவர்களுக்குப் பட்டம் எதற்கு?

அம்லோடிபின், ரத்தம் வரும் சிறு குழாய்களை விரிக்கிறது. திரும்பிப் போகும் குழாய்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவிலே அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் நீர் மிகுந்ததால் வந்த வீக்கமல்ல இது. ஆகவே நீர் மாத்திரையால் பெரும் பயனில்லை. இந்த வீக்கம் தொல்லைதானே தவிர, இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ கேடு செய்வதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ சங்கதி வேறு. அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவது மடமை. வீக்கம் வடியும், கொதிப்பு ஏறும்!

அளவை 5-க்கு இறக்கினால் வீக்கம் குறையும். ஆனால் அவருக்கு 5 போதாதென்று முன்பே தெரியும். ஆகவே டாக்டர் 5-க்கு இறக்கி, டெல்மிசார்டன் 40 சேர்த்தார். அது திரும்பும் குழாய்களையும் விரித்து, வீக்கத்தையும் தணிக்கும். அதற்கென ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னார். சரியான முடிவு. 5-லேயே தாங்கமுடியாமல் வீங்குகிறவருக்குத்தான் அம்லோடிபினை அடியோடு மாற்றவேண்டும்.