தகரப் பந்தலும் ஒரு காற்புள்ளியும்

ஆசிரியர் உரை

மராட்டியர் கால ராணுவ அரண்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகள் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. மற்றொன்று நம் செஞ்சி. அதையொட்டிக் கோட்டைப் பக்கம் கடைக்கும் அறைக்கும் வாடகை பேச வெளியூர்க்காரர்கள் வந்தால், கையோடு ஆங்கில ஒப்பந்த நகலையும் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் பெருநகரத்து அடுக்குமாடிக்காக எவரோ எழுதி, பலர் கை மாறி வந்த நகலாக அது இருக்கும். ஊர்ப் பெயர், வாடகை, முன்பணம் இவற்றை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டு, மற்ற ஷரத்துகளைப் படிக்காமலே கையெழுத்துக்கு நீட்டும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. அப்படித் தாண்டிப் போகும் ஷரத்துகளில் ஒன்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

பழுதுபார்ப்பு பற்றிய ஷரத்து அது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “தி டெனன்ட் ஷல் நாட் மேக் ரிப்பேர்ஸ், அடிஷன்ஸ் ஆர் ஆல்டரேஷன்ஸ் அஃபெக்டிங் தி ரூஃப் ஆர் வால்ஸ் வித்தவுட் தி ரிட்டன் கன்சென்ட் ஆஃப் தி லேண்ட்லார்ட்.” பழுதுபார்ப்பு, கூடுதல் கட்டுமானம், மாற்றம் என்று மூன்று வேலைகள். அவற்றின் பின்னால், கூரையையோ சுவரையோ பாதிக்கிற என்று ஓர் அடைத்தொடர். அந்த அடை மூன்றுக்குமா, கடைசியில் நிற்கும் ‘ஆல்டரேஷன்ஸ்’ ஒன்றுக்கு மட்டுமா? ‘அஃபெக்டிங்’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லையென்றால் கடைசிச் சொல்லோடு மட்டும் ஒட்டும் என்பது ஒரு வாசிப்பு. காற்புள்ளி போட்டுவிட்டால் மூன்றையும் தழுவும் என்பது வழக்கமான வாசிப்பு.

கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 80 மீட்டரில் ஓர் ஓட்டுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகைக்கு வந்தவர் நான்கு வேலை செய்ய நினைக்கிறார். உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட வேண்டும். மரக்கதவை எடுத்துவிட்டுச் சுவரை இடித்து ஷட்டர் வைக்க வேண்டும். வாசலில் சுவரைத் தொடாமல் நான்கு இரும்புக் கம்பம் நட்டுத் தகரப் பந்தல் போட வேண்டும்.

ஓடும் ஷட்டரும் எப்படிப் படித்தாலும் உரிமையாளரின் சம்மதம் கேட்பவை. முன்னது கூரை, பின்னது சுவர். காற்புள்ளியால் இடம் மாறுவது மற்ற இரண்டும்தான். காற்புள்ளி இல்லாதபோது எல்லாப் பழுதுபார்ப்புக்கும் சம்மதம் வேண்டியிருப்பதால், வாஷர் போடக்கூடக் கடிதம் எழுத வேண்டும். யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் ஆளைக் காலி செய்யச் சொல்ல நினைக்கும் உரிமையாளருக்கு அது ஒரு பிடி. காற்புள்ளி வந்துவிட்டால் வாஷர் தப்பிக்கிறது. கூடவே பந்தலும் தப்பிக்கிறது, ஏனென்றால் அது கூரையையும் தொடவில்லை, சுவரையும் தொடவில்லை.

சென்னையில் இது ஒரு தகரப் பந்தல் தகராறு, அவ்வளவுதான். செஞ்சியில் அப்படி முடியாது. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் நினைவுச்சின்னங்கள் சட்டம், 2010இல் திருத்தப்பட்ட வடிவில், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் கட்டலாம். அந்தச் சட்டத்தில், ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் ஒரு வகை. கட்டடத்தோடு எதையாவது சேர்ப்பதும் நீட்டுவதும் கட்டுமானம் என்ற வேறு வகை. தடைப் பகுதியில் முன்னதற்கு உரிமையாளர் விண்ணப்பித்து அனுமதி பெற வழி உண்டு. பின்னதற்கு இல்லை. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆக, சட்டம் கவனமாகப் பிரித்துவைத்த வேலைகளை நம் ஷரத்து ஒரே மூச்சில் அடுக்கிவைத்து, அவற்றுக்கு இடையிலான எல்லையை ஒரு காற்புள்ளியிடம் விட்டுவிடுகிறது. பந்தல் போட்டவர் ஒப்பந்தத்தைக் காட்டி “எனக்குத் தடை இல்லை” என்பார். விளக்கம் கேட்டு வரும் கடிதமோ உரிமையாளரின் முகவரிக்கும் வரும்.

காற்புள்ளியைச் சரியான இடத்தில் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளை நினைவூட்டலாம். 1952இல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறு துணைதான் என்றது. 1979இல் முகமது ஷபீர் வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு காற்புள்ளி இல்லாததையே பிடித்துக்கொண்டது. மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் ‘ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்’ என்று வருகிறது. ‘ஸ்டாக்ஸ்’ என்பதை அடுத்துக் காற்புள்ளி இல்லாததால், விற்பனைக்காக என்ற அடை இருப்பு வைப்பதற்கும் சேர்ந்ததே, வெறுமனே வைத்திருந்தது அந்தக் குற்றம் ஆகாது என்று தீர்ப்பானது. இது நம் ஷரத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். காற்புள்ளி இல்லாவிட்டால் அடை கடைசிச் சொல்லோடு நிற்கும் என்றோம். இங்கே காற்புள்ளி இல்லாததே அடையை முன்சொல்லுக்கும் நீட்டியது. உரிமையாளரின் வழக்கறிஞர் முதல் வாசிப்பைப் பிடித்தால், வாடகைக்காரரின் வழக்கறிஞர் ஷபீரைக் கொண்டுவருவார். இருவரையும் குறை சொல்ல முடியாது.

கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரு நிறுவனங்களுக்கு இடையே கம்பங்களில் கேபிள் கட்டுவதற்கான ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது. முதல் ஐந்தாண்டுக்குள்ளேயே ஓராண்டு முன்னறிவிப்போடு விலகலாமா என்பது ஒரு காற்புள்ளியில் தொங்கியது. விலகலாம் என்று 2006இல் ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. 2007இல் அதே ஆணையம் பிரெஞ்சு வடிவத்தைப் படித்துவிட்டு மாற்றிச் சொன்னது. இதைக் கேட்டதும் ஆங்கில ஒப்பந்தத்தோடு தமிழ் வடிவத்தையும் இணைத்துவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். ‘கூரையையோ சுவரையோ பாதிக்கும் பழுதுபார்ப்பு, கூடுதல் கட்டுமானம், மாற்றம்’ என்று அப்படியே தமிழாக்கினால், அடை முன்னால் வந்து பழுதுபார்ப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கடைசிச் சொல்லுக்குப் போன அடை தமிழில் முதல் சொல்லுக்குப் போகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வடிவமும் ஒன்றையொன்று மறுக்கும்.

எங்கள் யோசனை, அடுக்கையே கலைத்துவிடுவது. கோட்டைப் பகுதிக் கடைக்கு நாங்கள் இப்படி எழுதுவோம்: “குழாய், மின்விளக்கு, கதவுத் தாழ்ப்பாள் போன்ற சிறு பழுதுகளை வாடகைக்காரர் சம்மதம் கேளாமலே சரிசெய்துகொள்ளலாம். கூரை, சுவர், தரை ஆகியவற்றைத் தொடும் எந்தப் பழுதுபார்ப்பையும் மாற்றத்தையும் உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. கட்டடத்தைத் தொட்டோ தொடாமலோ, புதிதாக எந்தப் பந்தலையும் தடுப்பையும் அறையையும் எழுப்பக்கூடாது. தொல்லியல் சட்டப்படி அனுமதி வேண்டிய வேலை எதுவானாலும், உரிமையாளர் விண்ணப்பித்து அனுமதி கிடைத்த பிறகே தொடங்க வேண்டும். அதற்கான செலவு இன்னாருடையது.” முதல் நான்கு வாக்கியத்திலும் காற்புள்ளிகள் உண்டு. எதை எடுத்தாலும் யாருடைய உரிமையும் மாறாது. இதை ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தாலும் ஐந்து தனி வாக்கியமாகவே எழுதுங்கள். செலவு யாருடையது என்பதை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். ஓட்டை மாற்றும்போது முதலில் வரும் சண்டை அதுதான்.

முத்திரைத்தாளில் அச்சான பிறகுதான் பிழை கண்ணில் பட்டது என்றால், பேனாவால் ஒரு காற்புள்ளியைச் செருகிவிட்டு நகராதீர்கள். வரிகளுக்கிடையே எழுதியது, அடித்தது, திருத்தியது எதுவானாலும், எழுதிக்கொடுத்தவர்களின் கையெழுத்தோ சுருக்கொப்பமோ அதில் இல்லாவிட்டால் ஆவணத்தை ஏற்க மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சார்பதிவாளருக்கு இடம் தருகிறது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே, சார்பதிவாளரிடம் போகவில்லையே என்றாலும், நாளை நீதிமன்றத்தில் அந்தக் காற்புள்ளி எப்போது வந்தது என்றுதான் முதல் கேள்வி எழும். அந்தப் பக்கத்தையே மறுபடி அடித்து, இரு தரப்பையும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடச் செய்வது அரைமணி நேர வேலை.