அப்பா இல்லாத பையன் என்பது சான்று ஆகாது



பரிந்துரைக் கடிதம் என்று நம்மூரில் எழுதித் தருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "நேர்மையானவர், கடின உழைப்பாளி, வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்." பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதை நன்னடத்தைச் சான்றிதழ் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், பரிந்துரை என்று சொல்லாதீர்கள்.

மரக்காணத்து உப்பள மேலாளர் ஒருவர் ஒரு பையனுக்காகச் சொன்ன குறிப்புகள் இவை: "தங்கமான பையன். கணக்கு சுத்தம். அப்பா இல்லை, நீங்க வேலை குடுத்தா புண்ணியம். என்கிட்ட ரெண்டு சீசன் இருந்தான். திடீர்னு மழை வந்தப்போ அம்பாரத்தைக் காப்பாத்தினான். மேஸ்திரி வேலையும் பார்ப்பான்."

இதை அப்படியே நல்ல தமிழில் எழுதித் தருவதுதான் உதவி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேற்றூர் முதலாளிக்கு முதலில் தெரிய வேண்டியது, சொல்பவர் யார் என்பது. ஆகவே நடுவில் கிடக்கும் "ரெண்டு சீசன்" முதல் வரிக்கு வர வேண்டும்: "நான் இந்த உப்பளத்தின் மேலாளர். இவர் இரண்டு பருவம் என் நேரடிப் பார்வையில் லாரி ஏற்றுக் கணக்கு எழுதினார்." எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் கேட்டுச் சேருங்கள்.

அடுத்து சான்று. "கணக்கு சுத்தம்" என்பது அபிப்பிராயம். "எப்படித் தெரியும்?" என்று மேலாளரைக் கேட்க வேண்டும். கேட்டபோது, "மாசக் கடைசியில அவன் நோட்டையும் எடைமேடைச் சீட்டையும் ஒத்துப் பார்ப்பேன், ஒருமுறைகூட வித்தியாசம் வரலை" என்றார். இதுதான் சான்று! மழைச் செய்தியும் அப்படியே: யாரும் சொல்லாமலே ஆட்களைக் கூப்பிட்டு, மழை வலுக்கும் முன் அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடினான் என்று நடந்ததை எழுதுங்கள்.

கடைசியில்தான் பரிந்துரை. அது சான்றைத் தாண்டக் கூடாது. "கணக்கர், இருப்புப் பொறுப்பாளர் வேலைக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று சொல்லலாம். மேஸ்திரி வேலை? ஒரு மழை நாளில் ஆட்களை ஏவியது, தினமும் கூலியாட்களை நடத்தியதற்குச் சான்று இல்லை. மேலாளரிடம் வேறு நிகழ்ச்சி இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பிறகு கையெழுத்து, பதவி, தொலைபேசி எண்.

"அப்பா இல்லை என்பதை எடுத்துவிட்டீர்களே, இரக்கம் இல்லையா?" என்று கேட்பீர்கள். அந்த வரி இருந்தால், வேலை தெரியாத பையனுக்குப் பிச்சை கேட்பதாகவே படிப்பவர் நினைப்பார். பிழையில்லாமல் கணக்கு எழுதியவனுக்கு அது செய்யும் அவமானம் அல்லவா?

எழுதி முடித்ததும் மேலாளருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். நாளை அந்த முதலாளி போன் செய்தால் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான். அவர் சொல்லாத ஒரு வார்த்தைகூட அதில் இருக்கக் கூடாது.