தடுப்பூசிக்கு ரெண்டு கணக்கு

கரிசக்காட்டுல உளுந்து விதைச்சவனுக்கு விதைச்ச தேதி மறக்காது. களை எடுக்கிறதும் காய் நெத்தாகிறதும் அதுல இருந்துதான் எண்ணிக்கை. கைப்பிள்ளைக்கும் அப்படித்தான், பிறந்த தேதியில இருந்து எண்ணணும். ஆனா எங்க பக்கம் இன்னும் "ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி"ன்னுதான் சொல்றோம். மாசம்னு சொன்னதும் அது அப்படி இப்படி நீண்டுபோகுது. சரியான கணக்கு 6, 10, 14 வாரம். வாரமா எண்ணினா ஒரு சௌகரியம் இருக்கு: பிள்ளை பிறந்த கிழமையிலேயே எல்லாம் வந்து விழும். தமிழ்நாட்டுல தடுப்பூசி நாள் புதன்கிழமை. திங்கக்கிழமை பிறந்த பிள்ளைக்கு 42 நாள் முடிஞ்சு அடுத்து வர்ற புதன்னு வச்சுக்கிட்டாப் போதும்.

தவறிப்போனா என்ன செய்யணும்ங்கிறதுலதான் குழப்பமே. எங்க தெருவுல ஒரு பிள்ளை 2024 செப்டம்பர் 4, புதன்கிழமை பிறந்துச்சு. தலைப்பிரசவம், அதனால தாய் வீட்டுல. அக்டோபர் 16ஆம் தேதி முதல் பெண்டா ஊசி போட்டாச்சு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமினு அஞ்சுக்கும் சேர்த்து ஒரே ஊசி அது. அன்னிக்கு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், தொடையில வீக்கம். ரெண்டு நாள்ல சரியாயிருச்சு. அந்த ஊசிக்கு அது வழக்கம்தான். ஆனா பாட்டி தீப்பெட்டி ஆபீசுக்கு ரெண்டு நாள் போகலை, கூலியும் போச்சு. நவம்பர் 13 வந்தப்ப பிள்ளைக்கு லேசா சளி. "சளியோட ஊசியா?"ன்னு விட்டுட்டாங்க. சாதாரண சளிக்கு ஊசியை நிறுத்த வேண்டியதில்லை, கேட்டிருந்தா நர்ஸம்மாவே சொல்லியிருப்பாங்க. அப்புறம் தையில தாயும் பிள்ளையும் திருப்பூருக்குப் போயிட்டாங்க. அட்டை இங்கேயே டிரங்குப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. அங்க ஒரு கிளினிக்கில "முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்"னு சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டு பயந்துபோய் அதுக்கப்புறம் எங்கேயுமே போகலை.

முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தேவையே இல்லை. போட்ட ஊசி போட்டதுதான். முதல் ஊசியில உடம்பு பழகினது, இடைவெளி கூடிப்போச்சுன்னு அழிஞ்சுபோகாது.

சித்திரையில கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவங்களை அட்டையோட கூட்டிட்டுப் போனாங்க. 2025 மே 7, பிள்ளைக்கு எட்டு மாசம். நர்ஸம்மா அட்டையைப் பார்த்துட்டு, "இது ரெண்டாவது ஊசிம்மா, மூணாவது இன்னும் 28 நாள் கழிச்சு"ன்னாங்க. இங்கதான் ரெண்டாவது கணக்கு வருது. விட்டுப்போன பெண்டாவுக்குப் பிறந்த தேதியைப் பார்க்கிறதில்லை. கடைசியா போட்ட தேதியில இருந்து குறைஞ்சது நாலு வாரம். அந்தக் கணக்குல ஜூன் 4. ஆனா அதே ஜூன் 4ல பிள்ளைக்கு ஒன்பது மாசமும் முடியுது. மணல்வாரிக்கும் ரூபெல்லாவுக்கும் போடுற ஊசி பிறந்த தேதிக் கணக்குல வர்றது. பெண்டா பிந்திப்போச்சுன்னு அதையும் தள்ளிப்போடக் கூடாது. அன்னிக்கு இடது தொடையில மூணாவது பெண்டா, வலது கையில மணல்வாரி ஊசி. பாட்டி "ஒரே நாள்ல ரெண்டா?"ன்னு மல்லுக்கு நின்னாங்க. வேற வேற இடத்துல போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நர்ஸம்மா சொன்ன பிறகுதான் விட்டாங்க. (சில ஊசிக்கு இடைவெளி எட்டு வாரம். அதை அவங்கதான் பார்த்துச் சொல்லணும்.)

அதுக்காக எப்ப வேணாலும் போட்டுக்கலாம்னு இருந்துரக் கூடாது. கக்குவான் இருமல் கொல்றது பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகளை. நவம்பர்ல இருந்து மே வரைக்கும் அந்தப் பிள்ளை அரைப் பாதுகாப்போடதான் இருந்துச்சு. பின்னால போட்ட ஊசி அந்த மாசங்களைத் திருப்பித் தராது. சிலதுக்குக் கடைசி எல்லையும் உண்டு. காசநோய்க்கான பிசிஜி ஒரு வயசு வரைக்கும்தான். வயித்துப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்தை ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சிருந்தாத்தான் முடிக்கலாம். மணல்வாரி ஊசிக்கு அஞ்சு வயசு வரைக்கும் இடம் இருக்கு.

என் கோபம் ஊசி போடுற இடத்துல "ஏன் இவ்வளவு லேட்டு?"ன்னு நாலு பேர் முன்னால திட்டுறவங்க மேலதான். ஒரு தடவை திட்டு வாங்கின தாய் மறுபடி அந்தப் படி ஏறுறதில்லை. பிந்தி வந்த பிள்ளைக்குத்தான் அன்னிக்கே போட்டாகணும்.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டு வேலைக்கோ பக்கத்துக் கட்டட வேலைக்கோ வர்ற எங்க பக்கத்துப் பொண்ணுககிட்ட பிள்ளையோட அட்டை எங்கன்னு கேளுங்க. ஊர்ல கிடந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தொலைஞ்சிருந்தா ஊர் நர்ஸம்மாகிட்ட பதிவேடு இருக்கும். எந்த ஊர் அட்டைன்னாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல போடுவாங்க, காசு கிடையாது.

நம்ம பிள்ளைக்கு அடுத்தது பதினாறு மாசத்துல. அது திரும்பவும் பிறந்த தேதிக் கணக்கு: வர்ற ஜனவரி 4. அது ஞாயித்துக்கிழமை. பாட்டி இப்பவே காலண்டர்ல 7ஆம் தேதி புதன்கிழமையைச் சுழிச்சு வச்சிருக்காங்க, திருப்பூருக்கும் போன்ல சொல்லியாச்சு.